காஃபின் ஷாம்பு, பெப்டைட் சீரம்: முடிய எண்ணிப் பாத்தா என்ன தெரியும்?

"டாக்டர், எனக்கு 31 வயசு, தண்டையார்பேட்டை. நவம்பர்ல டெங்கு வந்துச்சு, பிப்ரவரில இருந்து முடி கொத்து கொத்தா கொட்டுச்சு. மார்ச்ல காஃபின் ஷாம்பும் பெப்டைட் சீரமும் வாங்கினேன், மாசம் 1,800 ரூபா ஆவுது. ஜூன்ல கொட்றது குறைஞ்சிடுச்சு, ஆனா வகிடு மட்டும் அகலமா தெரியுது. இதெல்லாம் தலைல தடவுனா நிஜமாவே ஏதாவது ஆவுதா? இன்னும் போடவா?"

நீங்க தேதியோட எழுதுனதுதாம்மா பெரிய உதவி, ஏன்னா பாதி பதில் அதுலயே இருக்கு. டெங்கு மாதிரி பெரிய காய்ச்சல் வந்தா வளர்ந்துட்டு இருந்த முடில ஒரு பங்கு வளர்றத நிறுத்திட்டு ரெஸ்ட்டுக்கு போயிடும், ஆனா உடனே விழாது, ரெண்டு மூணு மாசம் அப்படியே வேர்ல நின்னுட்டு அப்புறம் மொத்தமா கொட்டும். நவம்பர் காய்ச்சலுக்கு பிப்ரவரில கொட்டுனது அந்தக் கணக்குதான். இந்த மாதிரி கொட்டல் ஆரம்பிச்சு மூணுல இருந்து ஆறு மாசத்துல பெரும்பாலும் தானா அடங்கிடும். அதாவது நீங்க ஒண்ணுமே போடலன்னாலும் மே, ஜூன் வாக்குல குறைஞ்சிருக்கும். மழைக்காலம் முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைல இருந்து முடி கொட்டுதுன்னு எத்தனையோ பேர் வராங்க, எல்லாரும் சொல்றது போர் தண்ணி உப்பா இருக்கு டாக்டர்னுதான், காய்ச்சல யாரும் ஞாபகம் வெச்சிருக்க மாட்டாங்க. நாம கேட்டாதான் வரும்.

அதனால கொட்றது நின்னத வெச்சு அந்த ஷாம்புக்கு மார்க் போட முடியாது. சரி, காஃபின் உள்ளயாவது போகுதான்னு கேட்டீங்கன்னா, போகுது, அத அளந்தே பாத்திருக்காங்க. ஜெர்மனில ஷாம்புவ ரெண்டு நிமிஷம் தலைல வெச்சிட்டு கழுவிப் பாத்தாங்க, முடி முளைக்கிற குழி வழியா காஃபின் இறங்குச்சு, முதல் 20 நிமிஷத்துக்கு வேகமா போற வழி அந்தக் குழி மட்டும்தான்னும் தெரிஞ்சுது. 2007-ல இன்னொரு ஆய்வுல சொட்டை விழுற 14 ஆம்பளைங்களோட தலைல இருந்து முடிக்குழிகள எடுத்து தட்டுல வளர்த்தாங்க, டெஸ்டோஸ்டிரான் ஊத்துனா வளர்ச்சி குறையுது, கூடவே ரொம்பக் கொஞ்சம் காஃபின் சேத்தா திரும்ப வளருது. விளம்பரத்துல வர்ற கதையெல்லாம் இங்க இருந்துதான் கிளம்புது. ஆனா அந்தத் தட்டுல குழி நாள் கணக்கா காஃபின்லயே ஊறிட்டு இருந்துச்சும்மா, உங்க தலைல ரெண்டு நிமிஷம், அதுக்கப்புறம் சொம்பு தண்ணியோட ஜாலி வழியா போயிடுது. உள்ள போறது வேற, போயி முடிய அதிகமாக்குறது வேற.

அதிகமாச்சான்னு தெரிய ஒரே வழி எண்ணுறதுதான். தலைல ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்த குறிச்சு, முடிய ஒட்ட வெட்டி போட்டோ எடுத்து எண்ணுவாங்க, மருந்து போட்டுட்டு மாசக்கணக்குல கழிச்சு அதே இடத்த திரும்ப எண்ணுவாங்க. முடி வளர தலைல தடவுற மினாக்ஸிடில்ங்கிற மருந்த அப்படி பாத்திருக்காங்க, 393 ஆம்பளைங்க, 48 வாரம், 5 சதவீத மருந்து போட்டவங்களுக்கு அந்த ஒரு சதுர சென்டிமீட்டர்ல சராசரியா 18.6 முடி கூடுச்சு, 2 சதவீதத்துக்கு 12.7. இதுல நான் உங்கள பாக்க சொல்றது மூணாவது நம்பர், மருந்தே இல்லாத வெறும் திரவம் போட்டவங்களுக்கும் 3.9 முடி கூடியிருக்கு! அதனாலதான் வெறும் திரவக் குரூப் இல்லாத ஆய்வு எதையும் நான் முழுசா நம்புறதில்ல.

காஃபின் விஷயத்துல அதுதான் குறை. நம்ம நாட்டுலயே 210 ஆம்பளைங்கள வெச்சு 0.2 சதவீத காஃபின் திரவத்தையும் 5 சதவீத மினாக்ஸிடிலயும் ஆறு மாசம் ஒப்பிட்டாங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வந்துச்சு. ஆனா அது கழுவாம தலைலயே விடுற திரவம், ஷாம்பு இல்ல, வெறும் திரவக் குரூப்பும் கிடையாது, பொம்பளைங்களும் கிடையாது. 2018-ல இங்கிலாந்துல விளம்பரங்கள கண்காணிக்கிற அமைப்பு ஒரு ஜெர்மன் காஃபின் ஷாம்பு முடி கொட்றத குறைக்கும்னு சொல்லக்கூடாதுன்னு தடுத்துச்சு, காட்டுன ஆதாரம் பத்தலன்னு.

பெப்டைட்னா புரதத்தோட சின்னத் துண்டு, அந்த சீரத்துக்கு ஆதாரம் இன்னும் மெலிசு. காப்பர் பெப்டைட் தண்ணில கரையுற பொருள், தோலோட மேல் அடுக்கு எண்ணெய்ப் பசை உள்ளது, அதனால தாண்டி உள்ள போறதே கஷ்டம். டெட்ராபெப்டைட்ங்கிற இன்னொரு வகைல 32 பேர வெச்சு 24 வாரம் பாத்த ஒரு ஆய்வு இருக்கு, 3 சதவீத மினாக்ஸிடிலுக்கு பக்கத்துல வந்துச்சு, ஆனா அந்த திரவத்துல ஜின்செங்கும் இன்னொரு தாவரப் பொருளும் சேந்தே இருந்துச்சு, எது வேலை செஞ்சுச்சுன்னு பிரிக்க முடியல. நீங்க வாங்குற பாட்டில்ல எவ்ளோ சதவீதம்னு போட்டிருக்கான்னு பாருங்க, பல பாட்டில்ல பேரு மட்டும்தான் இருக்கும்.

இப்ப உங்க வகிடுக்கு வருவோம், எனக்கு கவலை அதுலதான். காய்ச்சல் கொட்டல்னா தலை முழுக்க சமமா குறையும். முன் வகிடு மட்டும் அகலமாச்சுன்னா அடியில பரம்பரையா வர்ற மெலிதல் இருக்கலாம், காய்ச்சல் அத வெளிய காட்டிக் கொடுத்திருக்கும். இத வீட்லயே ஓரளவு பாக்கலாம். அஞ்சு நாள் தலைக்கு ஊத்தாதீங்க, அடுத்த நாள் ஜாலி மேல ஒரு பழைய வேட்டித்துணிய விரிச்சு அலசுங்க. துணில தங்குன முடி எல்லாத்தையும் எடுத்து காய வெச்சு, வெள்ளை பேப்பர்ல ஒரு ஸ்கேல் பக்கத்துல வெச்சு எண்ணுங்க. 3 சென்டிமீட்டருக்கு கம்மியா, முனை வெட்டுப்படாம மெலிசா இருக்கிறத தனியா வைங்க. மொத்தம் நூறுக்கு மேல, ஆனா குட்டை முடி பத்துல ஒண்ணுக்கு கம்மின்னா காய்ச்சல் கொட்டல். மொத்தம் நூறுக்குள்ள, குட்டை மட்டும் பத்துல ஒண்ணுக்கு மேலன்னா பரம்பரை மெலிதல் பக்கம் சாயுது, ரெண்டுமே அதிகம்னா ரெண்டும் இருக்கு. குழி சுருங்க சுருங்க முடி வளர்ற காலமும் குறையும், நீளமாகுறதுக்கு முன்னாடியே விழுந்துடும், அதான் குட்டை. காசிமேட்ல இருந்து ஒரு அக்கா இப்படி எண்ணி பாலித்தீன் கவர்ல கொண்டாந்தாங்க, 140 முடி, அதுல 22 குட்டை. டெங்குனாலதான்னு ஆறு மாசமா சீரம் போட்டுட்டு காத்திருந்தவங்க, ரெண்டும் சேந்து இருந்திருக்கு.

ஷாம்பு அழுக்க எடுக்குது, தலைல எரிச்சல் இல்லன்னா போட்டுக்கோங்க, கெடுதல் இல்ல. சீரத்த நான் நிறுத்த சொல்வேன். அந்தக் காசுல ரத்தத்துல ஹீமோகுளோபின், இரும்புச்சத்து சேமிப்ப காட்டுற ஃபெரிட்டின், தைராய்டு மூணையும் பாத்துடுங்க. வகிட ஜன்னல் வெளிச்சத்துல காய்ஞ்ச முடியோட ஒரு போட்டோ எடுத்து வெச்சிட்டு, கணக்கையும் எடுத்துட்டு பக்கத்துல இருக்கிற தோல் டாக்டர பாருங்க. மெலிதல்னு உறுதியாச்சுன்னா அவங்க மினாக்ஸிடில் எழுதுவாங்க. முதல் சில வாரம் கொஞ்சம் கூடவே கொட்டும், பயந்து நிறுத்திடாதீங்க, ஆறு மாசம் கழிச்சு அதே ஜன்னல்ல எடுக்கிற போட்டோவ வெச்சு முடிவு பண்ணுங்க. கர்ப்பமா இருந்தாலோ, பிளான் பண்ணிட்டு இருந்தாலோ, பால் குடுத்துட்டு இருந்தாலோ டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்கம்மா, அப்ப அது வேணாம்.