தங்க விலையும் தாதுவின் தரமும்

கேள்வி: தங்கம் விலை இவ்வளவு ஏறியும் சுரங்க உற்பத்தி ஏன் பெரிதாகக் கூடவில்லை?

தாது அரைக்கும் ஆலையின் கொள்ளளவு மாறாதது என்பதுதான் முக்கியக் காரணம். நாளுக்கு 10,000 டன் அரைக்கும் ஆலையில், டன்னுக்கு 2 கிராம் தங்கம், அதில் 90% பிரித்தெடுக்கும் மீட்பு என்றால் 18 கிலோ கிடைக்கும். தரம் 1 கிராமாக இறங்கினால், அதே மீட்பிலும் 9 கிலோதான். டீசல், மின்சாரம், சயனைடு செலவோ ஏறக்குறைய அதேதான். கிராமுக்கான செலவு இரட்டிப்பாகிறது.

விலை ஏறினால் முன்பு ஒதுக்கிய தரம் குறைந்த தாதுவும் லாபம் தரும். அதையும் ஆலைக்கு அனுப்புவார்கள். சுரங்கத்தின் ஆயுள் நீளும், ஆனால் அந்த ஆண்டு உற்பத்தி குறையவும் கூடும். புதுச் சுரங்கத்துக்கோ பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் ஆகும்.

விலைக்கு உடனே அசைவது பழைய நகைதான், சந்தைக்கு வரும் மொத்தத் தங்கத்தில் ஏறத்தாழ கால் பங்கு. விற்கக் காத்திருந்தவர்கள் விற்று முடித்துவிட்டால், அடுத்தவரை அசைக்க இன்னும் உயர்ந்த விலை வேண்டும்.