ஹகாதாவில் எது வசனம், எது கேள்வி?

"யூத நண்பர் வீட்டுப் பஸ்கா விருந்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. விருந்தில் வாசிக்க அவர் கொடுத்த ஹகாதா புத்தகத்தைத் தமிழ் பைபிளோடு ஒப்பிட்டுப் படித்துக்கொண்டு போக நினைத்தேன். நான்கு கேள்விகள் பைபிளில் எங்குமே இல்லை. யோவேல் 3:3 என்று போட்ட இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது. தவறு புத்தகத்திலா, என்னிடமா?"

தவறு உங்களிடம் இல்லை. நான்கு கேள்விகள் பைபிள் வசனங்களே அல்ல. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பஸ்கா பற்றிய பகுதியின் பத்தாம் அதிகாரத்திலிருந்து வந்தவை. புளிப்பில்லாத அப்பம் ஏன், கசப்புக் கீரை ஏன், இரண்டு முறை தோய்ப்பது ஏன், சாய்ந்து உட்காருவது ஏன் என்பவை இன்றைய கேள்விகள். மிஷ்னாவில் சாய்ந்து உட்காரும் கேள்வி கிடையாது. இறைச்சியைச் சுட்டுத்தான் சாப்பிடுவது ஏன் என்ற கேள்வி இருந்தது. ஆலயம் அழிந்து பலி நின்றபின் அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போனது.

பைபிளிலிருந்து வரும் கேள்விகள் இதற்குப் பின், நான்கு பிள்ளைகள் பகுதியில் இருக்கின்றன. அறிவாளிப் பிள்ளையின் கேள்வி உபாகமம் 6:20. துஷ்டப் பிள்ளையின் கேள்வி யாத்திராகமம் 12:26. வெகுளிப் பிள்ளையின் கேள்வி 13:14. நான்காவது பிள்ளைக்குக் கேட்கத் தெரியாது. அவனுக்கு 13:8 பதிலாக மட்டும் வருகிறது. அதே 13:8 துஷ்டப் பிள்ளைக்கும் பதிலாக வருவதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். வேதத்தில் அவன் கேள்விக்கு அடுத்த வசனமான 12:27 தான் பதில். ஹகாதா வேண்டுமென்றே அதைத் தவிர்க்கிறது. 13:8இல் "எனக்கு" என்று இருக்கிறது. "எனக்குச் செய்தார், அவனுக்கல்ல" என்று சொல்வதற்காகவே அதை எடுக்கிறது.

ஈஸ்டர் சமயத்தில் விற்பனைக்கு வரும் 'பஸ்கா விருந்துக் கையேடு'களிடம் எச்சரிக்கையாக இருங்கள். நான்கு கேள்விகளையும் நான்கு பிள்ளைகளின் கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பி, துஷ்டப் பிள்ளைக்கு 13:8க்குப் பதிலாக 12:27 என்று 'திருத்தி' வைத்து, நடுநடுவே புதிய ஏற்பாட்டு வசனங்களைச் செருகி, இதுதான் பழைய யூத முறை என்று விற்பார்கள். பயண ஏற்பாட்டாளர்கள் சிலரும் இதையே தலையில் கட்டுகிறார்கள். வாங்குமுன் "என் தகப்பன்" என்று தொடங்கும் பகுதியைத் திறந்து பாருங்கள். வழக்கமான ஹகாதா உபாகமம் 26:5இல் தொடங்கி 8இல் நின்றுவிடும்; தேசத்துக்குள் கொண்டுவந்ததைச் சொல்லும் 9ஆம் வசனம் அதில் வராது.

அந்தப் பகுதியில்தான் ஹகாதா மேற்கோள் காட்டும் முறை தெளிவாகத் தெரியும். முதலில் வசனத்தின் ஒரு துண்டு, அடுத்து "இது இன்னது" என்று ஒரு சிறு விளக்கம், பின்பு "சொல்லப்பட்டிருக்கிறபடி" என்று வேறொரு வசனம். 26:8இன் கடைசித் துண்டு "அற்புதங்களினாலும்". விளக்கம்: "இது இரத்தம்." சாட்சி: வானத்திலும் பூமியிலும் இரத்தம், அக்கினி, புகைஸ்தம்பங்கள் என்ற யோவேல் வசனம். இரண்டு இடத்திலும் எபிரேயத்தில் மோஃப்திம் என்ற ஒரே சொல் இருப்பதால்தான் இந்தச் சாட்சி செல்லும். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஒன்று 'அற்புதங்கள்', மற்றது 'அதிசயங்கள்'. அதனால் இணைப்பு மறைந்துவிடுகிறது. விருந்தில் இரத்தம், அக்கினி, புகை என்று வாசிக்கும்போது பலர் கிண்ணத்திலிருந்து மூன்று சொட்டுத் திராட்சரசத்தை எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தைத் தவறவிடாதீர்கள்.

எண் விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஹகாதாவில் அதிகாரம், வசனம் என்று எண்களே கிடையாது. அச்சிடுபவர்கள் பின்னால் சேர்த்தவை அவை. எபிரேய யோவேலில் நான்கு அதிகாரங்கள், தமிழில் மூன்று. எபிரேய 3:3தான் நம்முடைய 2:30. தமிழில் 3:3ஐத் திறந்தால் ஜனங்களின்மேல் சீட்டுப்போட்ட செய்தி வரும். நீங்கள் பார்த்தது அதைத்தான். யாத்திராகமத்திலும் இப்படி ஒரு இடம் உண்டு: மந்திரவாதிகள் "இது தேவனுடைய விரல்" என்று சொல்லும் வசனம் எபிரேயத்தில் 8:15, தமிழில் 8:19. எபிரேயம் தவளை வாதையின் முதல் நான்கு வசனங்களை ஏழாம் அதிகாரத்தோடு வைத்துக்கொள்வதே காரணம். விருந்துக்குப் பின் கோபத்தை ஊற்றும்படி கேட்கும் இடத்தில் சங்கீதம் 79:6, 7 அப்படியே பொருந்தும். அதற்கு அடுத்து வரும் சங்கீதம் 69:25ஐ மட்டும் தமிழில் 24இல் தேடுங்கள். தலைப்பையே எபிரேயம் முதல் வசனமாக எண்ணுவதால் ஒன்று கூடிவிடுகிறது. பாட்டாகப் பாடும் 113 முதல் 118 வரையான சங்கீதங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 113, 114 சாப்பாட்டுக்கு முன், மற்றவை பின்.

"எபிரேய எண்" என்று ஒரு வரி அடிக்குறிப்பு போட்டிருந்தால் உங்களுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது. இத்தனை பதிப்புகள் வந்தும் அந்த ஒரு வரியைச் சேர்க்கப் பல பதிப்பாளர்களுக்கு மனம் வரவில்லை. போவதற்கு முன் 2:30, 8:19, 69:24 ஆகிய மூன்றையும் உங்கள் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். விருந்து நாளில் எழுதுவதைப் பல வீடுகளில் தவிர்ப்பார்கள். அங்கே போய்ப் பேனாவை எடுக்காதீர்கள்.