‘சம்சு’ போகும், ‘முப்பத்தாறு’ போகாது: வானொலிக்குப் பாட்டை வெட்டும் முறை

வாசகர் கேள்வி: நாங்க சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட் பசங்க, நாலு பேர். சொந்தமா ஒரு ராப் பாட்டு செஞ்சு வானொலிக்குக் கொடுத்தோம். ‘மயிரு’, ‘முப்பத்தாறு பசங்க’ ரெண்டையும் சரிபண்ணிக் கொண்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. ‘சம்சு’ன்னு வர்ற வரிய ஒண்ணும் சொல்லல. முப்பத்தாறு எங்க லயத்து வீட்டு நம்பர், வேற ஒண்ணுமில்ல. எதை வச்சு முடிவு பண்றாங்க? பீப் போட்டா போதுமா, சத்தத்த நிறுத்தணுமா, வேற சொல் பாடணுமா? டிவிக்கு வீடியோவும் கொடுக்கணும். வரிகளை எழுதி அனுப்பியிருக்கோம். பாட்டு 96 பிபிஎம்.

பதில்:

எண்ணிலிருந்தே தொடங்குவோம், உங்களுக்கு மனத்தாங்கல் அதில்தான் இருக்கும். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றில் பல வெறும் எண்கள். 36 அதில் ஒன்று. உங்கள் வரி ‘முப்பத்தாறு பசங்க நாங்க, முன்ன வந்து நில்லு’ என்று போகிறது. எண்ணை ஒட்டிப் ‘பசங்க’ வருகிறது, அதை ஒட்டிச் சண்டைக்கு அழைக்கும் வினையும் வருகிறது. லாரி ஓட்டிக்கொண்டு கேட்பவர் காதில் விழுவது இந்த ஒரு வரி மட்டுமே. உங்கள் லயமும் வீட்டு நம்பரும் அவருக்குத் தெரியாது. பாடகர் என்ன நினைத்தார் என்பதை வைத்து வானொலி நிலைய ஆசிரியர் முடிவெடுப்பதில்லை; முன்பின் தெரியாத ஒருவர் அந்த வரியை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதுதான் கணக்கு. ‘முப்பத்தாறு வயசாச்சு’ என்று பாடியிருந்தால் ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

‘சம்சு’ தப்பித்ததும் இதே கணக்கில்தான். ‘அப்பன் கெட்டது சம்சுல, அம்மா நின்னது வெயிலுல’ என்று எழுதியிருக்கிறீர்கள். குடி ஒரு வீட்டைக் கெடுத்ததைச் சொல்லும் வரி அது. அதே சொல் ‘ஊத்து மச்சான் சம்சு’ என்று வந்திருந்தால் வெளியே போயிருக்கும். சொல் அதேதான், வினைதான் வேறு.

தடை செய்த சொற்கள் என்று அரசாங்கம் அச்சடித்த பட்டியல் எதையும் வைத்து நிலையங்கள் வேலை செய்வதில்லை. 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 211-ஆவது பிரிவு ஆபாசமான, மனம் புண்படுத்தும் உள்ளடக்கத்தைத் தடுக்கிறது. 2022-இல் திருத்திய உள்ளடக்க நெறிமுறை அதை விரித்துச் சொல்கிறது. இரண்டும் தருவது கொள்கைதான். அதை உங்கள் வரியில் பொருத்திப் பார்க்கும் வேலை அந்தந்த நிலையத்துடையது. அதனால் ஒரு நிலையம் எடுத்துக்கொண்ட பாட்டை இன்னொன்று திருப்பி அனுப்பலாம். 2017-இல் உலகமெங்கும் ஓடிய ஒரு ஸ்பானியப் பாட்டை, வரிகளின் பொருள் பற்றிப் புகார் வந்ததும் ஆர்டிஎம் நிறுத்தியது. தனியார் நிலையங்கள் தாங்களே பார்த்து முடிவு செய்துகொள்ளும்படி விடப்பட்டன. மொழி புரியாது என்பது காவல் ஆகாது என்பதற்கு அது நல்ல சாட்சி. தமிழ் வரியையும் யாராவது மலாயில் பெயர்த்துச் சொல்வார்கள். ராப்பில் இடையிடையே போடும் ‘சியால்’, ‘பாபி’ போன்ற மலாய்ச் சொற்களுக்குப் பெயர்ப்பே வேண்டாம், அவை இன்னும் சீக்கிரம் மாட்டும்.

‘மயிரு’க்கு இந்த அளவு யோசனை வேண்டியதில்லை. பழைய செய்யுளில் அது தலைமுடி. ‘மயிரு போச்சு’ என்னும்போது வசை. குழந்தைகள் காரில் இருக்கும் நேரத்திலும் ஓட வேண்டிய பாட்டு என்பதால் அதை எடுக்கத்தான் சொல்வார்கள். எப்படி எடுப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது.

பீப் வேண்டாம். பேச்சு நிகழ்ச்சிகளில் பொதுவாகப் போடும் பீப் 1000 ஹெர்ட்ஸ் ஒலி. பியானோவில் அதற்கு அருகில் உள்ள சுரங்கள் 987.8, 1046.5 ஹெர்ட்ஸ். ஆக அது எந்தச் சுரத்திலும் உட்காராமல், பாட்டு எந்தச் சுருதியில் இருந்தாலும் துருத்திக்கொண்டு நிற்கும். அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் 1970-இல், பேச்சில் ஓர் ஒலியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் இருமல் சத்தத்தை வைத்துக் கேட்க வைத்தார். கேட்டவர்கள் ஒலி குறைந்ததையே உணரவில்லை, மூளை அதை நிரப்பிக்கொண்டது. வெறும் மௌனம் விட்டபோது இடைவெளி தெரிந்தது. வசைச் சொல்லின் நடுவில் மட்டும் பீப் வைத்தால் கேட்பவர் அதை முழுதாகவே கேட்டுக்கொள்வார்.

மௌனமாக்குவதில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. எதுகை காட்டிக்கொடுக்கும். உங்கள் வரிகள் இவை:

வயித்துக்காக வேல செஞ்சோம் வருசம் பதினெட்டு
மயிரு போச்சு போடான்னுதான் வந்தோம் விட்டுட்டு

முதல் வரி ‘வயி’ என்று தொடங்கியவுடனே காது அடுத்த வரியின் இரண்டாம் எழுத்தில் ‘யி’யை எதிர்பார்க்கும். பின்னால் ‘போச்சு போடா’ வேறு இருக்கிறது. நடுவில் மௌனம் விட்டால் கேட்பவரே சொல்லை முடித்துவிடுவார். சந்தியும் இப்படித்தான். ‘அந்தப்’ என்று ஒற்றோடு பாடிவிட்டு அடுத்த சொல்லை வெட்டினால், வெட்டிய சொல் பகரத்தில் தொடங்கியது என்று ஊருக்கே தெரியும். மௌனமாக்கத்தான் வேண்டுமென்றால் முந்தைய சொல்லின் ஒற்றிலிருந்து, வெட்டும் சொல்லின் வேற்றுமை உருபு முடியும்வரை எடுக்க வேண்டும்.

ஆகவே உங்கள் இரண்டு இடங்களுக்கும் மாற்றுச் சொல்தான் சரி. ‘மயிரு’ மூன்று குறில். அந்த இடத்தில் மூன்று குறிலே வர வேண்டும், இரண்டாம் எழுத்து ‘யி’யாக இருக்க வேண்டும். ‘பயிரு போச்சு’ உடனே தோன்றும். தோட்டத்துப் பாட்டுக்குப் பொருளும் பொருந்தும். ஆனால் பகரமும் மகரமும் இரண்டுமே உதடு ஒட்டிப் பிறப்பவை; கடையில் மாட்டிய சின்ன ஸ்பீக்கரில் ‘பயிரு’ பழைய சொல்லாகவே கேட்கும், நிலையத்துக்குப் புகாரும் வரும். ‘உயிரு போச்சு போடான்னுதான்’ நல்லது. உகரத்தில் தொடங்குவதால் தனித்துக் கேட்கும், மாத்திரையும் எதுகையும் கெடாது, கோபமும் குறையாது. எண்ணைக் கைவிட வேண்டாம்; ‘முப்பத்தாறாம் நம்பரு வீடு, முன்ன வந்து நில்லு’ என்று பாடுங்கள். வீடு வந்துவிட்டால் ‘முன்ன வந்து நில்லு’வும் வாசலுக்கு அழைப்பதாக மாறிவிடுகிறது.

ஒரு சொல்லை மட்டும் பாடி ஒட்ட முயலாதீர்கள். முழு வரியையும் பாடுங்கள், முடிந்தால் அதே மைக், அதே தூரம், அதே ஆள். மூச்சு எடுக்கும் இடமும் குரலின் ஏற்றமும் வரியோடு சேர்ந்தவை. ஒட்டும் இடத்தில் 10 மில்லி வினாடி அளவுக்கு ஒன்று மறைந்து மற்றது எழும்படி செய்தால் ‘டிக்’ சத்தம் வராது.

அடுத்தது எக்கோ. பலருக்கும் பாட்டு இரண்டாம் முறை திரும்பி வருவது இதனால்தான். 96 பிபிஎம்மில் ஒரு பீட் 625 மில்லி வினாடி. சொல் மூன்று கால்பீட்களில் அமர்ந்திருந்தால் அது ஏறக்குறைய 470 மில்லி வினாடி நீளம். எக்கோவை ஒரு பீட் தள்ளி வைத்திருந்தால், குரலை வெட்டிய பிறகும் பழைய சொல் 625 மில்லி வினாடி கழித்து மெதுவாகத் திரும்பி வரும், ‘போச்சு’க்கு அடியில். ஆகவே திருத்தத்தை எக்கோவுக்கு முந்தைய குரல் டிராக்கில் செய்து, மிக்ஸை மறுபடி எடுங்கள். பின்குரலில் இருவர் அதே வரியைச் சேர்ந்து பாடியிருந்தால் அந்த டிராக்குகளையும் தனித்தனியே போட்டுக் கேளுங்கள். முன்குரலை மாற்றிவிட்டுப் பின்குரலை மறப்பது அடிக்கடி நடக்கிறது.

பழைய டிராக்குகள் கைவிட்டுப் போய் முடிந்த மாஸ்டர் மட்டும் இருந்தால் மௌனமாக்குவதுதான் மிச்சம். அப்போதும் பாட்டை மொத்தமாக நிறுத்தாதீர்கள், தாளம் பள்ளத்தில் விழும். பீட் செய்தவரிடம் குரலில்லாத இசையை வாங்கி, அந்த அரை வினாடிக்கு அதை மட்டும் ஓடவிடுங்கள். இரண்டும் சரியாகப் பொருந்துகிறதா என்று அறிய, இசைக் கோப்பின் அலையைத் தலைகீழாக்கி மாஸ்டரோடு சேர்த்து, குரல் தொடங்காத முன்னிசைப் பகுதியைக் கேளுங்கள். பொருந்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பொருந்தாவிட்டால் தகரத்தில் பேசுவதுபோல் ஒலிக்கும். குரல் இல்லாத இடத்தில் இசை திடீரென்று எழுந்தால், மாஸ்டரில் குரல் அதை அழுத்தி வைத்திருந்தது என்று பொருள். காதுக்கு ஒன்றாகும்வரை ஒன்றிரண்டு டெசிபல் குறையுங்கள்.

குரலை நீக்க இடது, வலது ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கும் முறையை நம்ப வேண்டாம். நடுவில் இருக்கும் பேஸும் டிரம்மும் குரலோடு சேர்ந்து போகும். கழித்த ஒலி இரண்டு பக்கமும் எதிரெதிர் அலையாக வெளிவந்தால் ஆபத்து இன்னும் அதிகம். சிக்னல் குறைந்த தோட்டப்புறத்தில் எஃப்எம் பெட்டி தானாக மோனோவுக்கு மாறும், அப்போது அந்த இடம் முழு மௌனமாகிவிடும். எந்தத் திருத்தத்தையும் ஒருமுறை மோனோவில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

வீடியோவில் உதட்டையும் பார்ப்பார்கள். ‘உ’வுக்கு உதடு குவியும், பழைய காட்சியில் மூடித் திறந்திருக்கும். நம் தொலைக்காட்சியில் வினாடிக்கு 25 பிரேம், ஒரு பிரேம் 40 மில்லி வினாடி. 470 மில்லி வினாடிச் சொல்லுக்கு 12 பிரேம். முன்பின் இரண்டிரண்டு சேர்த்து 16 பிரேமுக்கு முகத்தை விட்டு டிரம்முக்கோ பால்மரத்து நிரைக்கோ காட்சியை மாற்றுங்கள். திரையில் வரிகள் ஓடினால் அதையும், சட்டையிலோ சுவரிலோ வெறும் 36 எழுதியிருந்தால் அதையும் மறக்காமல் பாருங்கள்.

கொடுக்கும்போது வரிகளைத் தட்டச்சு செய்து, மாற்றிய இடங்களுக்கு நிமிடம், வினாடி குறித்து, மலாய்ப் பெயர்ப்பும் வையுங்கள். அதற்கு முன்பு, பாட்டை இதுவரை கேட்டிராத ஒருவரிடம் ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் காட்டி, காதில் விழுந்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். பாட்டோடு பழகிய உங்கள் நால்வர் காதுக்கும் பழைய சொல்தான் கேட்கும். அவர் ‘உயிரு’ என்று எழுதினால் அனுப்பலாம். வேறு எதையாவது எழுதினால் அந்த வரியை மறுபடி பாடுங்கள்.