ஸ்டேட்டஸ் கோ வந்தால் ஜெயித்ததாக அர்த்தமில்லை

"செய்திகளில் குவிட் புரோ கோ, ஸ்டேட்டஸ் கோ, டி ஃபாக்டோ என்று எழுதுகிறார்களே, அதெல்லாம் என்ன? எளிமையாகச் சொல்லுங்கள்."

ஏதோ வழக்குச் செய்தி படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நடுவில் உள்ள வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் குடும்பம் அடிபட்டது அதில்தான்.

சேலம் அயோத்தியாப்பட்டணம் பக்கம் எங்களுக்குப் பூர்வீக நிலம் உண்டு. பொதுக் கிணற்றுக்குப் போகும் வண்டித்தடத்தை ஒரு சனிக்கிழமை சித்தப்பா கல்லுக்கால் ஊன்றி, முள்கம்பி கட்டி அடைத்துவிட்டார். கோர்ட்டுக்குப் போனோம். அடுத்த வியாழக்கிழமை ஸ்டேட்டஸ் கோ உத்தரவு வந்தது. "பழையபடி இருக்கணும்னு சொல்லிட்டாங்க" என்று அப்பா மறுநாள் காலையிலேயே கடப்பாரையோடு கிளம்பினார். நல்லவேளை, வக்கீல் போன் செய்தார். "அண்ணா, கம்பியைத் தொட்டுடாதீங்க. கோர்ட் உத்தரவை மீறினது நீங்கன்னு ஆயிடும்."

ஸ்டேட்டஸ் கோ என்றால் இப்போது இருக்கிற நிலை. உத்தரவில் வேறு தேதி சொல்லாவிட்டால், உத்தரவு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். வியாழக்கிழமை எங்கள் தடம் அடைபட்டுத்தானே இருந்தது? ஆக, பாதுகாப்பு கிடைத்தது சித்தப்பாவின் வேலிக்கு. எங்களுக்குத் தேவைப்பட்டது ஸ்டேட்டஸ் கோ ஆன்டே, அதாவது தகராறுக்கு முன்பிருந்த நிலை. அதற்கு வேலியை எடுக்கச் சொல்லித் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்டாலும் வழக்கு முடிவதற்குள் அப்படி லேசில் தரமாட்டார்கள். வக்கீல்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம், எந்தத் தேதியின் நிலை என்று தெளிவாக எழுதும் நீதிபதிகளும் உண்டு. எங்கள் உத்தரவில் அது இல்லை.

டி ஃபாக்டோ என்றால் நடைமுறையில். பட்டா கூட்டாக இருந்தும் அந்தத் தடம் சித்தப்பாவின் கையில் இருந்தது, அதுதான் டி ஃபாக்டோ. சட்டப்படி என்பதற்கு டி ஜூரே. 2021 ஆகஸ்டில் காபூலைப் பிடித்த தாலிபானை ஐ.நா. டி ஃபாக்டோ அதிகாரிகள் என்று எழுதுவது இதனால்தான். ஆள்வது அவர்கள்தான், அதற்காக அது சட்டபூர்வமான அரசு என்று ஐ.நா. ஏற்றுக்கொண்டதாக ஆகாது.

குவிட் புரோ கோ என்றால் இதற்கு அது. காசு கொடுத்து இட்லி வாங்குவதும் அப்படித்தான், அதில் தப்பே இல்லை. செய்தியில் வரும்போது பெரும்பாலும் 'நன்கொடைக்குக் கைமாறாகச் சலுகை' என்ற சந்தேகத்தோடு வரும். 2024 பிப்ரவரியில் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பேசியது இந்த அர்த்தத்தில்தான். பணம் கொடுத்தார், டெண்டர் கிடைத்தது என்று இரண்டும் நடந்திருப்பது மட்டும் போதாது. இதற்காகத்தான் அது என்ற தொடர்பைக் காட்ட வேண்டும்.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. எங்கள் உத்தரவு ஆங்கிலத்தில் இருந்தது. கீழ்க்கோர்ட்டில் தமிழிலேயே எழுதலாம். "இன்றுள்ள நிலை தொடர வேண்டும்" என்று ஒரு வரி இருந்திருந்தால் அப்பா கடப்பாரையைத் தூக்கியிருக்கவே மாட்டார். தடம் திறக்க நான்கு வருடம் ஆனது. அதுவரை பக்கத்துக் காட்டுக்காரரின் வரப்பு வழியாகத்தான் அம்மா குடம் சுமந்தார்.