முதலில் பதில் போட்ட முப்பது பேர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எம்.எட். ஆய்வுக்காக அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியர்களின் பணிச்சுமை பற்றி சர்வே எடுக்கிறேன். அங்கே மொத்தம் 62 ஆசிரியர்கள். முப்பது பேர் போதும் என்கிறார் கைடு. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் லிங்க் போட்டு, முதலில் வரும் 30 பதில்களை எடுத்துக்கொள்ள நினைக்கிறேன். இதை ‘எளிய சமவாய்ப்பு மாதிரி’ என்று எழுதலாமா? சிலரிடம் ஒரு வார நேரக் குறிப்பும் வாங்க ஆசை. ‘ஆய்வின் வரம்புகள்’ பகுதியில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். நான் என்ன எழுதுவது?

ம.

அன்புள்ள ம.,

எழுத முடியாது. சமவாய்ப்பு மாதிரியில் யார் உள்ளே வருவார் என்பதைச் சீட்டு முடிவு செய்யும். குழுவில் லிங்க் போட்டால் அவரவரே முடிவு செய்துகொள்கிறார். அதற்குப் பெயர் வசதி மாதிரி. வசதி மாதிரி எல்லா இடத்திலும் ஒரே அளவு கெடுதல் செய்யாது. காபியா டீயா என்று கேட்டால், சீக்கிரம் பதில் போடும் குணத்துக்கும் காபிக்கும் பெரிய சம்பந்தம் இருக்காது. பணிச்சுமையில் அப்படியில்லை. நீங்கள் அளக்கப்போகும் அதே விஷயம்தான் யார் பதில் போடுவார் என்பதையும் தீர்மானிக்கிறது. மாலைச் சிறப்பு வகுப்பு முடித்து, எமிஸ் பதிவு முடித்து வீட்டுக்குப் போகிறவர் இரவு ஒன்பது மணிக்கு லிங்க்கைப் பார்ப்பார், நாளை பார்க்கலாம் என்று விடுவார். வேலைப் பங்கீட்டில் மனக்குறை உள்ளவர் இரண்டு நிமிடத்தில் நிரப்பிவிடுவார். முன்னவர் விடுபடுவதால் சராசரி குறையும், பின்னவர் முந்திக்கொள்வதால் கூடும். இரண்டில் எது ஓங்கியது என்று வந்த 30 பதில்களைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

முப்பது என்ற எண், எந்தச் சோதனையில் எந்த அட்டவணையைப் பார்ப்பது என்பதற்காகப் புள்ளியியல் பாடநூல்கள் வைத்திருக்கும் ஒரு கோடு. 62 பேர் உள்ள பள்ளியில் எத்தனை பேரைக் கேட்பது என்பதற்கு அது பதில் அல்ல. நம் ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் சூத்திரத்தையே போட்டுப் பாருங்கள்:

```
n = N / (1 + N·e²)
62 / (1 + 62 × 0.0025) = 53.7
```

N மொத்தப் பேர், e நீங்கள் ஏற்கும் பிழை, n தேவையான மாதிரி. e 5 விழுக்காடு, அதாவது 0.05 என்றால் 54 பேர் வேண்டும் என்கிறது. 62-ல் எட்டுப் பேரை மட்டும் விட்டுவிட்டு என்ன மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள்? ‘என்னை ஏன் கேட்கவில்லை’ என்று ஸ்டாஃப் ரூமில் எட்டுப் பேர் கேட்பதுதான் மிச்சம். ஆகவே பத்து நிமிடத்தில் முடியும் சிறு படிவத்தை எல்லோருக்கும் கொடுங்கள். அதற்கு மாதிரியே தேவையில்லை, முழுக் கணக்கெடுப்பு என்று எழுதுங்கள்.

மாதிரி தேவைப்படும் இடம் நேரக் குறிப்பு. அரை மணிக்கு ஒருமுறை என்ன வேலை பார்த்தேன் என்று ஏழு நாள் எழுதுவது பெரிய சுமை. 62 பேரிடமும் கேட்டால் பாதிப் பேர் ஞாயிறு இரவு உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்புவார்கள். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லா நாளும் ‘7.00–8.00 பாடக்குறிப்பு’ என்றிருந்தால் அது அப்படி வந்ததுதான். இருபது பேர் போதும், ஆனால் அவர்களை நீங்கள் தினமும் மாலை ஒருமுறை நினைவூட்ட வேண்டும்.

இருபதை 62-லிருந்து நேராகக் குலுக்கினால் முதுகலை ஆசிரியர்கள் இரண்டே பேர் வந்து நிற்கவும் வாய்ப்புண்டு. பிளஸ் டூ எடுப்பவர் வேலையும் ஆறாம் வகுப்பு எடுப்பவர் வேலையும் வேறுவேறு வடிவம் என்பதால், முதலில் பிரித்துவிட்டுக் குலுக்குங்கள். உங்கள் பள்ளியில் முதுகலை ஆசிரியர்கள் 20, பட்டதாரி ஆசிரியர்கள் 30, உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி, பகுதிநேரம் எல்லாம் சேர்த்து 12 என்று வைத்துக்கொள்வோம். அதே விகிதத்தில் பிரித்தால் 6, 10, 4. இதுதான் படுகை மாதிரி. ஒவ்வொரு பிரிவுக்கும் பெயர்ப் பட்டியலை விரிதாளில் தனித் தாளாக ஏற்றி, பக்கத்து நெடுவரிசையில் `=RAND()` போட்டு, அதை வைத்து வரிசைப்படுத்தி, மேலிருந்து 6, 10, 4 பேரை எடுங்கள். அந்த எண்கள் தாளில் எதைத் தொட்டாலும் மாறிக்கொண்டே இருக்கும். வரிசைப்படுத்தும் முன்பே நகலெடுத்து `Paste special` → `Values only` கொடுத்து உறையவைத்துவிடுங்கள், இல்லையென்றால் நாளை உங்கள் தேர்வை உங்களாலேயே காட்ட முடியாது. கணினி வேண்டாமென்றால் சீட்டுக் குலுக்கலும் அதே அளவு நல்லதுதான், கைடு முன்னிலையில் எடுங்கள்.

குலுக்கிய பிறகுதான் உண்மையான சோதனை. தலைமையாசிரியர் பட்டியலைப் பார்த்து, ‘இவர் எழுதமாட்டார், அவரைப் போட்டுக்கோங்க, நல்லா எழுதிக் கொடுப்பார்’ என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஏற்றுக்கொண்டால் அந்த நிமிடமே அது அவர் தேர்ந்த மாதிரி ஆகிவிடும். ஒருவர் மறுத்தால் பக்கத்துப் பெயரை இழுக்காமல் மறுத்தவர் என்றே பதியுங்கள். இருபதில் பதினேழு குறிப்புகள் வந்தன என்று எழுதுவதில் வெட்கமில்லை.

ஆட்களைப் போலவே வாரமும் ஒரு மாதிரி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இருபது பேரும் காலாண்டுத் தேர்வு வாரத்தில் எழுதினால் நீங்கள் அளந்தது தேர்வு வாரத்தை. அதற்கு அடுத்த வாரம் என்றால் விடைத்தாள் கட்டுகளை. ஓ.இ.சி.டி. அமைப்பு பல நாடுகளில் ஆசிரியர்களிடம் நடத்தும் டாலிஸ் ஆய்வு, கடைசியாக முடிந்த ஒரு முழு வேலை வாரத்தைப் பற்றித்தான் ஆசிரியரைக் கேட்கிறது, விடுமுறையால் குறுகிய வாரத்தைச் சேர்ப்பதில்லை. உங்கள் கையில் நான்கு வாரம் இருந்தால் இருபது பேரையும் வாரத்துக்கு ஐந்தாகப் பிரித்து, யாருக்கு எந்த வாரம் என்பதையும் குலுக்கலிலேயே முடிவு செய்யுங்கள். அந்த நான்கு வாரத்தில் தேர்வோ, வாக்காளர் பட்டியல் வேலையோ வந்ததா என்று குறித்துவையுங்கள். அப்போதும் நீங்கள் பேசுவது அந்த நான்கு வாரத்தைப் பற்றித்தான், ஆண்டைப் பற்றி அல்ல.

இனி சிறு படிவம். எல்லோருக்கும் கொடுத்தீர்கள், 44 வந்தது என்று வையுங்கள். 71 விழுக்காடு என்று ஒரே எண்ணாக எழுதிக் கடந்துவிடாதீர்கள். பிரித்துப் பார்த்தால் பட்டதாரி ஆசிரியர்கள் 30-ல் 27, முதுகலை 20-ல் 11, மற்றவர்கள் 12-ல் 6 என்று இருக்கலாம். அப்படியென்றால் உங்கள் ‘பள்ளிச் சராசரி’ பெரும்பாலும் பட்டதாரி ஆசிரியர் சராசரி. டாலிஸில் ஒரு பள்ளியில் தேர்ந்த ஆசிரியர்களில் பாதிப் பேர்கூடப் பதில் தரவில்லையென்றால் அந்தப் பள்ளியே பங்கேற்காததாகக் கணக்காகும். உங்கள் மூன்றாம் பிரிவு சரியாக அந்தப் பாதிக் கோட்டிலேயே நிற்கிறது.

வராத 18 பேர் எப்படிப்பட்டவர்கள் என்று பெயர் தெரியாமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். படிவத்தில் ‘அட்டவணைப்படி உங்களுக்கு வாரத்துக்கு எத்தனை பாடவேளை?’ என்று ஒரு கேள்வி வையுங்கள். அலுவலகத்தில் பொது கால அட்டவணை இருக்கும், அதிலிருந்து 62 பேரின் மொத்தப் பாடவேளையை எடுங்கள். மொத்தம் 1,736, பதில் தந்த 44 பேரின் கூட்டுத்தொகை 1,188 என்றால் மீதி 548. அதை 18-ஆல் வகுத்தால் 30.4. பதில் தந்தவர்களுக்குச் சராசரி 27, தராதவர்களுக்கு முப்பதுக்கு மேல். வேலை கூடுதலாக உள்ளவர்கள்தான் விடுபட்டிருக்கிறார்கள், உங்கள் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று திசையைச் சொல்லிவிடலாம். வகுப்புக்கு வெளியே பார்க்கும் வேலையை இந்தக் கணக்கு காட்டாது, அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

அளவையும் சொல்லலாம். 44 பேரில் 33 பேர் வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வீட்டில் வேலை பார்ப்பதாகச் சொன்னால் அது 75 விழுக்காடு. வராத 18 பேரில் ஒருவர்கூட அப்படி இல்லையென்றால் 62-ல் 33, அதாவது 53. அத்தனை பேரும் அப்படியென்றால் 51, அதாவது 82. பள்ளியின் உண்மை நிலை 53-க்கும் 82-க்கும் நடுவில் எங்கோ. இடைவெளி பெரிதாகத்தான் தெரியும். ஆனாலும் கீழ் எல்லையிலேயே பாதிக்கு மேல் வருகிறது பாருங்கள், அதை யாராலும் அசைக்க முடியாது. முழுக் கணக்கெடுப்பில் ± போட்டு மாதிரிப் பிழை எழுத வேண்டியதில்லை, உங்கள் பிழை வராத பதில்களில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பள்ளியில் ஓவிய ஆசிரியர் ஒருவர்தான் இருப்பார். ‘ஓவியம், பெண், 50 வயதுக்கு மேல்’ என்று அட்டவணை போட்டால் பெயரே எழுதியது போலத்தான். ஐந்து பேருக்குக் குறைந்த கட்டத்தை அடுத்ததோடு சேர்த்துவிடுங்கள், மூல விரிதாளைப் பள்ளிக்குக் கொடுக்காதீர்கள். இதை முன்கூட்டியே சொன்னால் பதில்களும் கூடும்.

வரம்புகள் பகுதியில் வழக்கமாக வருவது ‘நேரமின்மையாலும் பொருள் வசதியின்மையாலும் ஆய்வு ஒரே பள்ளியோடு நின்றது’ என்பது. அது ஆய்வாளரின் கஷ்டத்தைச் சொல்கிறது, எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சொல்லவில்லை. மேலே சொன்ன எண்களே வந்தால் இப்படி எழுதலாம்:

‘படிவம் 62 ஆசிரியர்களுக்கும் தரப்பட்டது, 44 பேர் பதில் தந்தனர். முதுகலை ஆசிரியர்களில் 20-ல் 11 பேரே தந்தனர். தராதவர்களின் சராசரிப் பாடவேளை தந்தவர்களைவிட மூன்று கூடுதல் என்பதால், இங்குள்ள பணிநேரச் சராசரி உண்மையைவிடக் குறைவாக இருக்கக்கூடும். நேரக் குறிப்பு, பிரிவுவாரியாகக் குலுக்கித் தேர்ந்த 20 பேரிடம் கேட்டு 17 பேரிடமிருந்து பெறப்பட்டது, மாற்று ஆட்கள் சேர்க்கப்படவில்லை. அது தேர்வு இல்லாத நான்கு வாரங்களுக்கு மட்டும் பொருந்தும். மணிநேரங்கள் ஆசிரியர்களே சொன்னவை, வேறு வழியில் சரிபார்க்கப்படவில்லை. முடிவுகள் இந்தப் பள்ளியைப் பற்றியவை, பிற பள்ளிகளுக்கு விரிக்க இந்த ஆய்வில் அடிப்படை இல்லை.’

கடைசி வரியை எழுதிய பிறகு அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தலைப்பில் ‘தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் பணிச்சுமை’ என்று இருந்தால் கைடிடம் பேசி ‘ஓர் உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். தலைப்பைப் பதிவு செய்யும் முன்பே கேட்டுவிட்டால் வேலை எளிது.