பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி எக்செலில் ஒட்டினால் பத்திகள் நகர்வது ஏன்?

“தாராவியில் எங்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை மாற்றி ஒட்டினேன். சில பேருக்கு மட்டும் போன் நம்பர் முகவரிப் பத்தியில் போய் உட்காருகிறது. ஏன்?”

அந்தச் சில பேரின் முகவரி, ஒரே கட்டத்துக்குள் Alt+Enter போட்டு இரண்டு வரியாக அடிக்கப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட கட்டத்தை நகலெடுக்கும்போது எக்செல் அதை இரட்டை மேற்கோளுக்குள் வைத்துத்தான் தரும். மாற்றும் கருவி அந்த மேற்கோளையும் ஓர் எழுத்தாக நினைத்து மாற்றிவிட்டால், இரண்டு வரியும் ஒரே கட்டம் என்று காட்டும் காவல் போய்விடும். “90 அடி சாலை” மேல் வரிசையிலேயே நிற்க, “தாராவி 400017” புது வரிசையாகிப் பெயர்ப் பத்தியில் விழும், நம்பர் அதன் பக்கத்தில்.

மாற்றுவதற்கு முன்பே, பக்கத்தில் ஒரு பத்தியில் இதைப் போடுங்கள்:

```
=SUBSTITUTE(B2,CHAR(10)," 77777 ")
```

பாமினியில் அரைப்புள்ளிகூட எழுத்தின் பாகம், இலக்கங்கள் மட்டும் அப்படியே இருக்கும், அதனால்தான் எண். பட்டியலில் வேறெங்கும் 77777 வராததைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்தியை நகலெடுத்துப் பழைய முகவரியின் மேல் Paste Values ஆகப் போட்டு, பிறகு மாற்றி ஒட்டிய அப்புறம், முகவரிப் பத்தியை மட்டும் தேர்ந்து Ctrl+H. தேட 77777, பதிலுக்கு Ctrl+J. பெட்டியில் ஒன்றும் தெரியாது, ஆனால் வரி உடைந்துவிடும்.