கேன் மூடியைத் திறந்து முகர்ந்தே பாலைக் கணிப்பது எப்படி?

"அப்பாவின் சின்ன பால் பண்ணையை இப்போது நான் பார்க்கிறேன். அவர் மாதிரி முகர்ந்தே பாலைக் கணிப்பது எப்படி?"

நானும் அப்படித்தான் பண்ணைக்கு வந்தேன். மூடியைத் திறந்த நொடியில் முகர வேண்டும் என்று அப்பா பழக்கினார். சாப்பாட்டு டப்பா மாதிரிதான், உள்ளே தேங்கிய வாடை திறந்ததும் வரும், உடனே கலைந்துவிடும். நல்ல பாலில் லேசான இனிப்பு வாசம் இருக்கும். புளிப்பு வாடை அடித்தால், கிருமிகள் பாலின் சர்க்கரையை அமிலமாக்கத் தொடங்கிவிட்டன; காய்ச்சினால் திரியலாம்.

ஒருநாள் பாலில் ஊறுகாய்ப்புல் நெடி, அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனத்தின் நெடி. கறப்பதற்குச் சற்று முன் மாட்டுக்கு அதைப் போட்டிருந்தார்கள். அந்த வாடை மூச்சிலும் இரத்தத்திலும் கலந்து மடிக்குப் போய்விடும். கறந்த பிறகு போட்டோம், சரியாகிவிட்டது.

அப்புறம், தண்ணீர் கலந்ததையும் மூக்கு சொல்லிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சொல்லாது, அதற்கு லாக்டோமீட்டர்தான்.